முதல் பக்கத்துக்கு ஒரு நிமிடம்: புது பிரிண்டர் வாங்குவதா, இருப்பதைச் சரி செய்வதா?

பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர், பிரிண்ட் கொடுத்துவிட்டு நான் சும்மா நிற்பதைப் பார்த்து, “தம்பி, கரண்ட் இருக்கா?” என்று கேட்டார். கரண்ட் இருந்தது. மெஷினில் பச்சை விளக்கும் எரிந்தது. தாள்தான் வரவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது, அப்புறம் தாள் வந்தது. அவர் காசு கொடுத்துவிட்டுப் போனார். வரிசையில் அடுத்து நின்ற பெண்ணுக்கும் ஒரே ஒரு பக்கம்தான். அவருக்கும் அதே காத்திருப்பு.

தாலுகா ஆபீஸ் பக்கத்தில் கடை வைத்திருப்பவனுக்கு, பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் “நிமிடத்துக்கு 20 பக்கம்” என்ற கணக்கு எதற்கும் ஆகாது. அது மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு உள்ள வேகம். 20 பக்கக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் முதல் பக்கத்துக்குப் பிறகு மூன்று வினாடிக்கு ஒன்றாகத் தள்ளும், உண்மைதான். ஆனால் இருபது பேர் வந்து ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டால் இருபது முறையும் முதல் பக்கம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்றால், நிமிடத்துக்கு 20 பக்கம் போகும் மெஷின் என் கடையில் நிமிடத்துக்கு ஒரு பக்கம் போகிறது.

மெஷின் விற்கும் கடைக்காரர், “பழசாயிடுச்சு அண்ணா, மாத்திடுங்க” என்றார். மாற்றுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்தது. பழையது என்பதால் தாமதமா, அல்லது மெஷினுக்கு வெளியே எங்காவது நேரம் போகிறதா? மெஷின் இருக்கும் அதே மேசையில் புதிதாக ஒன்றை வைத்து, அதே வைஃபை, அதே கோப்புகள் என்றால் எனக்கு என்ன மாறப்போகிறது?

போனில் ஸ்டாப்வாட்ச், மூன்று சோதனை

முதல் பக்கத்துக்கான நேரம் மூன்று இடத்தில் செலவாகிறது. கணினி கோப்பைப் புள்ளிகளாக மாற்றும் நேரம், அந்தப் புள்ளிகள் மெஷினுக்குப் போய்ச் சேரும் நேரம், மெஷின் தூங்கி எழுந்து சூடாகும் நேரம். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் எதைச் சரி செய்தாலும் அது குருட்டாம்போக்குதான்.

பிரிப்பது சுலபம். ஸ்கேனர் சேர்ந்த மெஷின் என்றால் கணினியே வேண்டாம். கண்ணாடியில் ஒரு தாளை வைத்து காப்பி பட்டனை அழுத்துங்கள். இதில் கணினியும் இல்லை, வைஃபையும் இல்லை, மெஷின் மட்டும்தான். ஒரு முறை மெஷின் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு முறை காப்பி எடுத்த கையோடு. என் மெஷினில் தூக்கத்திலிருந்து 22 வினாடி, விழித்திருக்கும்போது 10. ஆக, சூடாகவே 12 வினாடி போகிறது.

இரண்டாவது சோதனைக்கு நோட்பேடில் ஒரே ஒரு வார்த்தை அடித்து பிரிண்ட் கொடுத்தேன், மெஷின் விழித்திருக்கும்போது. இவ்வளவு சின்னக் கோப்பைப் புள்ளியாக மாற்றக் கணினிக்கு நேரமே பிடிக்காது. எனவே இதில் தெரிவது பாதையின் வேகம். வைஃபையில் 18 வினாடி. யுஎஸ்பி கேபிளைச் செருகிக் கொடுத்தபோது 11. வெறும் வைஃபை ஏழு வினாடியைத் தின்கிறது.

மூன்றாவதாக, உண்மையிலேயே வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு கோப்பு. வாட்ஸ்அப்பில் வந்தது, போனில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கிய பத்திரத்தின் ஒரு பக்கம். விழித்திருக்கும் மெஷினுக்கு வைஃபையில் 47 வினாடி, யுஎஸ்பியில் 30. நோட்பேடுக்கு 11 வினாடியில் தாள் தந்த அதே மெஷின், அதே கேபிள். மிச்சம் 19 வினாடி முழுக்கக் கோப்பின் கைங்கரியம்.

இப்போது பெரியவரின் ஒரு நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள். தூக்கத்துக்கு 12, வைஃபையும் கோப்பும் மெஷின் ஓடும் நேரமும் சேர்ந்து 47. மொத்தம் 59. மெஷினை மாற்றியிருந்தால் அதிகபட்சம் அந்த 12-ஐ ஒழித்திருக்கலாம், கொஞ்சம் வேகமான மோட்டாரால் இன்னும் இரண்டு மூன்று வினாடி மிச்சமாகியிருக்கும். மீதி அப்படியே இருந்திருக்கும்.

சோதனை செய்ய நேரமில்லை என்றால் பிரிண்ட் வரிசை காட்டும் சின்ன ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள். `Spooling` என்றே நெடுநேரம் நின்றால் கணினி இன்னும் கோப்போடு மல்லுக்கட்டுகிறது. `Printing` என்று மாறி, அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தால் பாதையில் நெரிசல். எல்லாம் போய்ச் சேர்ந்து மெஷினின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால் அது சூடாகிக்கொண்டிருக்கிறது. துல்லியமாக இருக்காது, ஆனால் எந்தப் பக்கம் கை வைப்பது என்று தெரிந்துவிடும்.

தூங்க விடாமல் வைப்பது

நான்கு வழி இருந்தன. முதலாவது காசே இல்லாதது: மெஷினைத் தூங்க விடாமல் வைப்பது.

லேசர் மெஷினில் தாள் வெளியே வருவதற்கு முன் கடைசியாகக் கடக்கும் இடம் ஃபியூசர். தாளில் தூளாக ஒட்டியிருக்கும் டோனரைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருக்கிப் பிடிக்க வைப்பது அதுதான். அங்கே 200 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூடு வரும்வரை மெஷின் தாளை இழுக்கவே இழுக்காது. பழைய அமைப்பில் கனமான உலோக உருளைக்குள் ஹாலஜன் விளக்கு எரியும். உருளை முழுக்கச் சூடேற நேரம் பிடிக்கும். புதிய சின்ன மெஷின்கள் பலவற்றில் உருளைக்குப் பதில் மெல்லிய படலமும் பீங்கான் ஹீட்டரும். அது சில வினாடியில் தயாராகிவிடும். சோதனையில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே வித்தியாசம் மூன்று நான்கு வினாடிதான் என்றால் உங்களுடையது இரண்டாம் வகையாக இருக்கலாம். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மின்சாரம் மிச்சம் பிடிக்க, பல மெஷின்களில் கடைசிப் பக்கம் வந்து ஒரு நிமிடத்திலேயே தூங்கும்படி கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். கடையில் ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். அதாவது சரியாக ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு குட்டித் தூக்கம். மெஷினின் மெனுவில் `Sleep` என்று தொடங்கும் அமைப்பைத் தேடி 30 நிமிடமாக மாற்றினேன். அதன் பக்கத்திலேயே `Auto Off` என்று இன்னொன்று இருக்கும். அது மெஷினை மொத்தமாக அணைத்துவிடும், அதிலிருந்து எழ இன்னும் கூடுதல் நேரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மின்கட்டணம்? கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தயார் நிலைக்கும் தூக்க நிலைக்கும் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். வித்தியாசம் 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு எட்டு மணி நேரம் விழித்திருந்தால் 0.32 யூனிட். 26 நாளுக்கு எட்டேகால் யூனிட் சொச்சம். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் மாதம் 83 ரூபாய். கடைக்கு இது ஒரு செலவே இல்லை. நாளைக்கு இரண்டு பக்கம் எடுக்கும் வீட்டுக்கு இது வீண். அங்கே 12 வினாடி காத்திருக்கலாம், ஒன்றும் குடி முழுகாது.

இங்க் டேங்க் மெஷின்காரர்களுக்கு வேறு கதை. சூடேற்றும் வேலை அதில் இல்லை. ஆனால் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து அணைத்துப் போடும் பழக்கம் இருந்தால், ஒவ்வொரு முறையும் மெஷின் முதலிலிருந்து எல்லாச் சடங்கையும் செய்யும். தலையை நகர்த்தும், சரிபார்க்கும், பல நேரம் மையை உறிஞ்சித் தலையைக் கழுவும். அந்தக் கழுவலில் போகும் மை உங்கள் காசு, அந்த நேரம் உங்கள் வாடிக்கையாளரின் நேரம். மெஷினில் உள்ள பட்டனால் அணைத்தால் தலை தன் மூடிக்குள் போய் ஒழுங்காக உட்காரும். சுவர் சுவிட்சால் பாதி வழியில் அணைத்தால் தலை திறந்தபடி காயும், அடுத்த நாள் கழுவல் இன்னும் நீளும்.

கேபிள்

இரண்டாவது வழி, வைஃபையை விட்டுவிட்டுக் கம்பிக்குப் போவது. எங்கள் கணினியும் மெஷினும் மூன்றடி தள்ளி இருக்கின்றன. ஆனாலும் ஏன் வைஃபையில் வைத்திருந்தேன் என்று கேட்டால், வாங்கிய அன்று வந்து பொருத்தியவர் அப்படி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

வைஃபையில் இரண்டு தொல்லை. ஒன்று, மெஷின் தூங்கும்போது அதன் வைஃபையும் அரைத்தூக்கத்துக்குப் போகிறது. கணினி தட்டும்போது உடனே கதவு திறப்பதில்லை. இரண்டு, கடைத்தெருவில் எல்லாக் கடையின் ரவுட்டரும் ஒரே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கின்றன. மெஷினுக்குள் இருப்பதோ பெரும்பாலும் ஒரு மலிவான சின்ன ஆன்டெனா. இதை நீங்களே பார்க்கலாம். மெஷினின் நெட்வொர்க் முகவரியைக் குறித்துக்கொண்டு, கணினியில் கமாண்ட் ஜன்னல் திறந்து இப்படிக் கொடுங்கள், முகவரி மட்டும் உங்களுடையது:

```
ping -n 20 192.168.1.50
```

இருபது வரி வரும். ஒவ்வொன்றிலும் `time` என்று ஒரு எண். எல்லாம் ஒற்றை இலக்கத்திலோ இரட்டை இலக்கத்திலோ இருந்தால் பாதை நன்றாக இருக்கிறது. நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினாலோ, நடுநடுவே `Request timed out` வந்தாலோ வைஃபைதான் குற்றவாளி. எனக்கு முதல் இரண்டு வரி பதிலே வரவில்லை, அப்புறம் 240, 15, 310 என்று குதித்தது.

யுஎஸ்பி கேபிளுக்கு மாற முடியாத இடமும் உண்டு. நாலு கணினிக்கு ஒரு மெஷின் என்றால் யுஎஸ்பி சரிப்படாது. அங்கே மெஷினை ரவுட்டரோடு நெட்வொர்க் கேபிளால் கட்டுவது நல்லது. அதுவும் முடியாவிட்டால் குறைந்தது ஒன்று செய்யலாம். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர்களில் பல, `WSD` என்று தொடங்கும் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். `Printer properties` திறந்து `Ports` பகுதியைப் பார்த்தால் தெரியும். அந்த வகையில் ஒவ்வொரு முறையும் மெஷின் எங்கே, எப்படி இருக்கிறது என்ற விசாரணை நடக்கும். மெஷின் தூக்கத்தில் இருந்தால் அந்த விசாரணை இழுக்கும், சில சமயம் ஆஃப்லைன் என்று காட்டி நிற்கும். `Add Port` மூலம் `Standard TCP/IP Port` ஒன்றைச் சேர்த்து, மெஷினின் முகவரியை நேரடியாகக் கொடுத்தால் இது பெரும்பாலும் போய்விடும். ரவுட்டரில் அந்த முகவரியை அந்த மெஷினுக்கே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, பிரிண்டரே காணாமல் போய்விடும்.

என் விஷயத்தில் யுஎஸ்பி கேபிள் ஒன்று முடித்துவைத்தது. ஏழு வினாடி எல்லாப் பக்கத்திலும் மிச்சம். கனமான கோப்பில் 17 வினாடி.

கோப்பு, அதாவது உண்மையான வில்லன்

நான் எதிர்பாராதது இதுதான். 19 வினாடியை ஒரு பக்க பிடிஎஃப் எப்படித் தின்கிறது?

கடைகளில் இருக்கும் சின்ன லேசர் மெஷின்கள் பலவற்றுக்கு சொந்த மூளை குறைவு. ஒரு எழுத்து என்றால் என்ன, படம் என்றால் என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. கணினிதான் பக்கம் முழுவதையும் கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி என்று பிரித்து, சுருக்கி அனுப்புகிறது. 600 டிபிஐ-யில், அதாவது ஒரு அங்குல நீளத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், ஒரு ஏ4 தாளுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடி புள்ளி. சுருக்காமல் அனுப்பினால் நாலு எம்பிக்குச் சற்று அதிகம்.

டைப் அடித்த கடிதம் என்றால் இது ஒன்றுமில்லை. தாளில் பெரும்பகுதி வெள்ளை. “இங்கிருந்து அங்கே வரை வெள்ளை” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், சுருக்கினால் கைக்குள் அடங்கிவிடும். போனில் பிடித்த பத்திரம் அப்படியில்லை. நம் கண்ணுக்கு வெள்ளைத் தாளாகத் தெரிந்தாலும் படத்தில் அது வெள்ளை இல்லை. ஒரு மூலையில் கையின் நிழல், ஒரு ஓரத்தில் டியூப்லைட்டின் மஞ்சள், மடிப்பில் சாம்பல். மெஷினுக்கோ சாம்பல் நிறம் கிடையாது, கறுப்பு மட்டும்தான். எனவே சாம்பலைக் காட்ட, தாள் முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி தெளிக்கிறது கணினியில் இருக்கும் பிரிண்டர் டிரைவர். ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரவையைத் தூவியதுபோல் இருக்கும். இந்த ரவையைச் சுருக்கவே முடியாது. நாலு எம்பியும் ஏறக்குறைய நாலு எம்பியாகவே போகிறது. அதற்கு முன்னால் கணினி அந்தப் பெரிய வண்ணப் படத்தைப் பிரித்து, அளவு மாற்றி, கறுப்பு வெள்ளையாக்கி, புள்ளி போடும் வேலை வேறு. என் கடைக் கணினி வயசானது. மூச்சு வாங்குகிறது.

மருந்து மெஷினில் இல்லை, படத்தில் இருக்கிறது. போனில் ஸ்கேன் செய்யும் ஆப்கள் பெரும்பாலானவற்றில் படம் எடுத்த பிறகு ஒரு வடிகட்டி தேர்ந்தெடுக்கலாம். அதில் கறுப்பு-வெள்ளை என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் நிழல் எல்லாம் சுத்த வெள்ளையாகிவிடும். அதே பத்திரப் பக்கத்தை அப்படி மாற்றிக் கொடுத்தேன். யுஎஸ்பியில் 30 வினாடி எடுத்தது 13 ஆனது. டோனரும் மிச்சம், தாளும் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இப்போது கடை வாசலில் ஒரு அட்டை தொங்குகிறது: “போனில் ஸ்கேன் செய்பவர்கள் கறுப்பு-வெள்ளை வைத்து அனுப்பவும்.” பாதிப் பேர் படிப்பதில்லை, அது வேறு. படிக்காதவர்களின் படத்தை என் கடைப் பையன் தன் போனில் வாங்கி மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறான். அதற்குப் பத்து வினாடி ஆகிறது என்று அவன் குறை சொல்வதும் நியாயம். ஒரு பக்கம் என்றால் லாபம் குறைவுதான். ஆறு பக்கப் பத்திரம் என்றால் கண்டிப்பாகச் செய்யலாம்.

இதைப் போலவே தாமதமாகும் இன்னொரு வகைக் கோப்பு உண்டு, காரணம் வேறு. சில சான்றிதழ் பிடிஎஃப்களில் எழுத்துக்குப் பின்னால் மங்கலான முத்திரை, அதன் மேல் இன்னொரு மங்கல் படம் என்று அடுக்கடுக்காக இருக்கும். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்ததுபோல. அச்சடிக்கும் முன் அவற்றை ஒரே தளமாகத் தட்டையாக்க வேண்டும். அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுத்ததும் சின்னப் பெட்டியில் `Flattening` என்று ஓடினால் இந்த நோய் என்று அறிக. இதற்கு பிரிண்ட் ஜன்னலில் `Advanced` போய் `Print As Image` என்பதை டிக் செய்தால் பல கோப்புகள் சட்டென்று விடுபடும். பக்கத்தை ஒரே படமாக்கி அனுப்பிவிடும். ஆனால் இதை எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக வைக்காதீர்கள். சாதாரண எழுத்துப் பக்கத்தை இது வேண்டாமல் கனமாக்கிவிடும்.

டிபிஐ-யைக் குறைப்பதும் உதவும். 600-லிருந்து 300-க்கு வந்தால் புள்ளி நாலில் ஒரு பங்காகிறது, ஏனென்றால் நீளத்திலும் பாதி, அகலத்திலும் பாதி. விண்ணப்பப் படிவம், ரசீது, பாடக்குறிப்பு எல்லாவற்றுக்கும் 300 தாராளம். ஆதார் அட்டை அளவில் அடிப்பதற்கு மட்டும் நான் 600-ஐ விடுவதில்லை. அதில் இருக்கும் க்யூஆர் கட்டங்கள் மிக நெருக்கமானவை. 300-ல் அடித்தால் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்கேன் ஆகாமல் போகலாம். ஸ்கேன் ஆகவில்லை என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால் மிச்சம் பிடித்த நாலு வினாடிக்கு என்ன அர்த்தம்?

நீண்ட கோப்புகள் அடிக்கும் இடங்களுக்கு ஒரு வார்த்தை. `Printer properties` ஜன்னலின் `Advanced` பகுதியில் `Start printing after last page is spooled` என்பது தேர்வாகியிருந்தால், 80 பக்க நூலில் 80-வது பக்கத்தையும் கணினி தயார் செய்த பிறகே முதல் பக்கம் கிளம்பும். `Start printing immediately` என்று மாற்றிவிட்டால் முதல் பக்கம் தயாரானதும் ஓடத் தொடங்கும். ஒரு பக்க வேலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் இந்த இரண்டையும் எப்போதாவது பாருங்கள். டிரைவரில் தாள் வகை `Thick` என்று எவரோ அட்டை அடித்தபோது வைத்தது அப்படியே கிடக்கும். அப்படி இருந்தால் மெஷின் வேகத்தைக் குறைத்து, தாளை மெதுவாக நகர்த்தும். இருபுறமும் அடிக்கும் அமைப்பு எப்போதும் போட்டே இருந்தால், சில டிரைவர்கள் ஒரு பக்கக் கோப்பைக்கூட உள்ளே இழுத்துத் திருப்பி வெளியே விடும். இந்த இரண்டும் எங்கள் கடையில் இருந்தன என்று சொல்ல வெட்கமாக இல்லை, எல்லோர் கடையிலும் இருக்கும்.

புது மெஷின்

கடைசி வழி. இதை முற்றாக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சூடாகவே 12 வினாடி எடுக்கும் பழைய ஃபியூசரை எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது, தூங்க விடாமல் வைப்பது ஒன்றே வழி. அதுவும் மெஷின் எந்நேரமும் ஓடும் இடத்தில்தான் பொருந்தும். நாளைக்குப் பத்து முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேர இடைவெளியில் என்று பயன்படுத்தும் டாக்டர் கிளினிக்குக்கு, சட்டென்று சூடாகும் புது மெஷின் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும்.

வாங்கப் போனால் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று பார்க்காதீர்கள். விவரத்தாளில் முதல் பக்கம் வெளிவரும் நேரம் என்று இரண்டு எண் இருக்கும், ஒன்று தயார் நிலையிலிருந்து, ஒன்று தூக்கத்திலிருந்து. பெட்டியின் மேல் முதலாவதை மட்டும் போடுவார்கள். அதை அளக்க ஐஎஸ்ஓ/ஐஇசி 17629 என்று உலகத் தரமே உண்டு. எனவே எண் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது அவர்களின் சோதனைக் கோப்பு, உங்கள் வாட்ஸ்அப் பத்திரம் இல்லை. கடையில் டெமோ காட்டச் சொல்லி, பேசிக்கொண்டே பத்து நிமிடம் மெஷினைத் தூங்க விடுங்கள். அப்புறம் பென்டிரைவில் கொண்டுபோன உங்கள் மோசமான கோப்பைக் கொடுத்து போனில் நேரம் பாருங்கள். விற்பவர் முகம் சற்று மாறும், பரவாயில்லை.

கலர் லேசர் வாங்கலாமா என்றும் யோசித்தேன். கறுப்பு வெள்ளை வேலையே பெரும்பாலும் என்றால் வேண்டாம். தூங்கி எழுந்ததும், இடையிடையேயும் நாலு நிறத்தையும் ஒத்துப்பார்க்கும் வேலையை அது தன் இஷ்டத்துக்குச் செய்யும். முதல் பக்கம் அதன் பின்னால் காத்திருக்கும். இங்க் டேங்க் மெஷின் முதல் பக்கத்தில் லேசருக்குச் சளைத்ததில்லை, மின்சாரமும் குறைவு. ஆனால் கறுப்பு மை நிறமி வகையா, சாய வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாய மையில் அடித்த சான்றிதழ் மழையில் நனைந்தால் ஓடிவிடும். ஐப்பசி மாதம் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பவர் கையில் அது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் வாங்கவில்லை. தூக்கத்தை 30 நிமிடம் ஆக்கி, கேபிள் போட்டு, கறுப்பு-வெள்ளை அட்டை தொங்கவிட்ட பிறகு, 59 வினாடி எடுத்த அதே வகைப் பத்திரப் பக்கம் 13 வினாடியில் வருகிறது. பட்டா, ரசீது மாதிரியானவை 11. செலவு, கேபிளும் மாதம் 83 ரூபாயும்.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், தெருவில் எல்லாக் கடையும் விளக்குப் போடும் நேரம், எங்கள் பக்கம் வோல்டேஜ் 230-லிருந்து 190-க்கு இறங்கும். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்றபடிதான் இருக்கும். 190 என்றால் 230-ல் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். காலையில் 12 வினாடியில் சூடாகும் மெஷின் அப்போது 18 வினாடி எடுக்கிறது. அதனால் ஆறு மணியானதும் பையன் தூக்க நேரத்தை இரண்டு மணி நேரமாக ஏற்றிவிட்டு, கடை மூடும்போது திரும்ப 30-க்கு இறக்கிவிட்டுப் போகிறான். மறந்துபோன நாட்களில் பெரியவர்கள் கேட்கும் அதே கேள்வியை நானே அவனிடம் கேட்கிறேன்.